எண்ணெய்க் குளியல்: முதல் முறை தேய்ப்பவர்களுக்கும், சளி காய்ச்சலில் தள்ளிப்போட வேண்டியவர்களுக்கும்

கல்யாணமாகிப் புகுந்த வீட்டில் வெள்ளிக்கிழமை காலையில் எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டும்போதுதான் பலருக்கும் இந்தப் பழக்கம் அறிமுகமாகிறது. பிறந்த வீட்டில் ஷாம்பு மட்டுமே போட்டு வளர்ந்தவர்களுக்கு எவ்வளவு எண்ணெய், எவ்வளவு நேரம், எப்படி எடுப்பது என்று எதுவும் தெரியாது. அப்படித் தொடங்குகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். குளியல் முறையைவிட அதை எந்த நாளில் செய்யக்கூடாது என்பதைச் சற்று விரிவாகவே சொல்லப்போகிறேன். தேய்க்கும் முறையில் பிசகினால் தலை பிசுபிசுப்பதோடு போய்விடும். நாள் தெரியாமல் தேய்த்தால் உடம்பு படுத்துவிடும்.

வீட்டு வழக்கப்படி பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும், ஆண்களுக்குப் புதனும் சனியும் எண்ணெய் நாட்கள். அமாவாசையில் பெரும்பாலான வீடுகளில் தேய்க்க மாட்டார்கள். வேலைக்குப் போகிறவர்கள் இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். பெரியவர்கள் முணுமுணுப்பார்கள், ஆனால் அவசர அவசரமாக வெள்ளிக்கிழமை காலையில் தேய்த்து, ஈரத்தலையோடு ஆபீசுக்கு ஓடுவதைவிட இது எவ்வளவோ மேல். கிழமை எதுவானாலும் அன்று காலை மூன்று மணி நேரமாவது கையில் இருக்க வேண்டும்.

எண்ணெயைக் காய்ச்சுவது

செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய்தான் வேண்டும். நம் ஊர் செக்கில் எள்ளை வறுக்காமல், கொஞ்சம் கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து ஆட்டுவார்கள். அதனால் நிறம் வெளிர் பொன்னாக இருக்கும், வாசனை மென்மையாக இருக்கும். சூப்பர் மார்க்கெட்டில் சின்னக் குப்பியில் கிடைக்கும் சீன சமையலுக்கான கரும்பழுப்பு எள்ளெண்ணெய் வறுத்த எள்ளிலிருந்து எடுத்தது. அது சமையலில் வாசனைக்கு மட்டும், தலைக்கு ஆகாது. முகர்ந்து பார்த்தால் சிக்கு வாடை அடிக்கும் பழைய எண்ணெயும் வேண்டாம்.

ஒரு ஆளுக்குத் தலைக்கும் உடம்புக்கும் சேர்த்து நான்கு மேசைக்கரண்டி தாராளம். இடுப்பு வரை முடி இருந்தால் இன்னும் ஒன்று கூட்டிக்கொள்ளலாம். சிறிய இரும்புக் கரண்டியில் ஊற்றி மெல்லிய தீயில் வைத்து, அரை டீஸ்பூன் சீரகமும் ஏழெட்டு மிளகும் போடுங்கள். சீரகம் பொரியத் தொடங்கியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். மிளகு கறுகிப் புகை வந்தால் அந்த எண்ணெய் காந்தும், கொட்டிவிட்டு வேறு காய்ச்சுங்கள். சில வீடுகளில் தட்டிய பூண்டு, ஒரு வெற்றிலை, நாலு அரிசி போடுவார்கள். அது அந்தந்த வீட்டுக் கைமுறை. ஆறியதும் வடிகட்டி, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாகத் தெரிய வேண்டும், சுடவே கூடாது. இரும்புக் கரண்டி சூட்டை வெகுநேரம் பிடித்து வைத்திருக்கும் என்பதால் உடனே கிண்ணத்துக்கு மாற்றுவது நல்லது.

எள் சிலருக்கு ஒவ்வாது. எள்ளுருண்டை சாப்பிட்டு உதடு வீங்கியது, உடம்பு தடித்தது என்று இருந்தால் இந்தக் குளியலே வேண்டாம். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், முதல் முறை தேய்ப்பவர்கள் முந்தின நாளே முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி வைத்து, அரிப்போ சிவப்போ வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தேய்ப்பது

முதலில் தலையைச் சிக்கெடுங்கள். சிக்கோடு எண்ணெய் வைத்துத் தேய்த்தால் முடி அறுந்துதான் வரும். தரையில் பழைய துணியைப் போட்டு, அதன் மேல் பலகையிலோ முக்காலியிலோ உட்கார்ந்து, உச்சந்தலையில் ஒரு கை எண்ணெய் வைத்து விரல் நுனிகளால் தேய்த்துக்கொண்டே பின்கழுத்துக்கு வாருங்கள். நகம் படக்கூடாது. உள்ளங்கையால் பரபரவென்று தேய்ப்பதும் வேண்டாம், அது முடியைத்தான் முறுக்கும். விரல் நுனி ஒரே இடத்தில் பதிந்து, மண்டைத் தோலை மட்டும் வட்டமாக அசைக்க வேண்டும். பிறகு அடுத்த இடம். தலைக்கு ஐந்து நிமிடம் போதும். மிச்ச எண்ணெயைக் கழுத்து, தோள், முதுகு, முழங்கால், குதிகால், பாதம் என்று இறக்கிக்கொண்டு போங்கள்.

கொத்தாக முடி உதிர்வதைப் பார்த்துப் புதிதாகத் தேய்ப்பவர்கள் பயந்துவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை யாருக்கும் தானாகவே கழலும். வாரம் முழுக்கப் பின்னலுக்குள் சிக்கிக் கிடந்த கழன்ற முடிகள் அன்றைக்கு மொத்தமாகக் கையோடு வருகின்றன, அவ்வளவுதான். எண்ணெய் நாள் அல்லாத நாட்களிலும் அதே அளவு வந்தால்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

காதிலும் மூக்கிலும் கண்ணிலும் எண்ணெய் விடுவதை விட்டுவிடுங்கள். பழைய வழக்கம்தான், ஆனாலும் இதில் எனக்குச் சமரசம் கிடையாது. செவிப்பறையில் ஓட்டை இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. எண்ணெய் உள்ளே இறங்கினால் சீழ் பிடிக்கும். மூக்கில் விடும் எண்ணெய் மூச்சோடு நுரையீரலுக்குப் போனால் இருமல்கூட வராமல் அங்கேயே தங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். கைக்குழந்தைகளுக்கு இது உயிருக்கே ஆபத்து. குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் பாட்டிமார்கள், மூக்கைச் சுத்தம் செய்கிறேன் என்று எண்ணெய் விடுவதையும் வாயால் ஊதுவதையும் மரியாதையாக, ஆனால் உறுதியாகத் தடுத்துவிடுங்கள்.

ஊறவைக்கும் நேரம் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு இருபது நிமிடம் போதும். பழகியவர்கள் முக்கால் மணி நேரம் வரை ஊறுவார்கள். காலை இளவெயிலில் உட்காரலாம். மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம்.

எண்ணெய் எடுப்பது

பலர் இரண்டாவது வாரமே இந்தப் பழக்கத்தை விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். தலையில் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சீயக்காய் போடுவார்கள், எண்ணெய் போகாது, மறுபடி போடுவார்கள், கடைசியில் ஷாம்புவைக் கவிழ்ப்பார்கள்.

சீயக்காய்த்தூள் நான்கு மேசைக்கரண்டி எடுத்து, வெதுவெதுப்பான வடிகஞ்சியில் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து, எண்ணெய் தேய்த்ததுமே ஊறவைத்துவிடுங்கள். சீயக்காயின் நுரைப்பொருள் தண்ணீரில் இறங்க அந்த இருபது நிமிடம் தேவை. கஞ்சியின் மாவுச்சத்து எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், தலைமுடியும் வறளாது. குளிக்கும்போது தலையை லேசாக மட்டும் நனைத்து, இந்தக் கரைசலை மண்டைத் தோலில் விட்டுத் தேய்த்து அலசுங்கள். பிறகு இரண்டாவது கை. முதல் அலசலில் தண்ணீர் முடியிலிருந்து முத்து முத்தாக உருண்டு விழும். இரண்டாவது அலசலில் முடி தண்ணீரை உறிஞ்சி நனையும். நனைந்துவிட்டால் எண்ணெய் போய்விட்டது என்று பொருள். கண்ணை இறுக மூடிக்கொள்ளுங்கள், சீயக்காய் பட்டால் எரிச்சல் தாங்காது. அரப்பு இலைத்தூள் கிடைத்தால் அதையும் இதே மாதிரி கரைத்துப் போடலாம், நன்றாகக் குளிர்ச்சியாக இருக்கும். உடம்புக்குப் பச்சைப்பயற்று மாவு.

தண்ணீர் வெந்நீராக இருக்க வேண்டும். வெந்நீர் என்றால் கை பொறுக்கும் சூடு. ஆவி பறக்கும் தண்ணீரைத் தலையில் ஊற்றினால் சிலருக்குக் கிறுகிறுத்துவிடும். வெந்நீரில் தோலின் ரத்தக்குழாய்கள் விரியும், அப்போது சட்டென எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் இளஞ்சூட்டில், உட்கார்ந்தே குளிக்க வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாது. அவர்களுக்கு வேறொருவர் கை வைத்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

துவட்டுவதில் அவசரம் கூடாது. பருத்தித் துண்டால் ஒற்றி, முடியைப் பிரித்துவிட்டு, மண்டைத் தோல் காயும் வரை பின்னல் போடாதீர்கள். அடர்த்தியான முடி வெளியில் காய்ந்த மாதிரி இருக்கும், பிடரிக்கு மேலே விரலை விட்டால் ஈரம் தெரியும். சாம்பிராணிப் புகை மணமாக இருக்கும்தான், ஆனால் வீட்டில் ஆஸ்துமாக்காரரோ கைக்குழந்தையோ இருந்தால் தூபக்காலை எடுக்கவே எடுக்காதீர்கள்.

அன்றைக்கு மிளகு ரசம், பருப்புத் துவையல், சூடான சோறு. தயிர், பழைய சோறு, ஐஸ் தண்ணீர் எல்லாம் விலக்கு. பகல் தூக்கமும் கூடாது என்பார்கள். குளித்ததும் கண் சொக்கும், அதிலும் சாப்பாட்டுக்குப் பிறகு. ஈரத்தலையோடு தலையணையில் சாய்ந்து மூன்று மணி நேரம் தூங்கி எழுந்தால் தலைபாரம் நிச்சயம் என்பது அனுபவத்தில் வந்த விதி. முடி நன்றாகக் காய்ந்திருந்தால் அரைமணி சாய்வதில் எனக்குத் தவறு தெரியவில்லை.

சொல்லப்படும் பலன்கள்

வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்று நம்மிடம் ஒரு பழமொழியே இருக்கிறது. எண்ணெய்க்குச் செலவழித்தால் மருந்துச் செலவு குறையும் என்ற நம்பிக்கை. சூடு தணியும், கண் குளிரும், தூக்கம் வரும், முடி வளரும், மூட்டுவலி குறையும் என்று வரிசையாகச் சொல்வார்கள்.

இதில் தூக்கமும் உடல் தளர்வும் யாரும் அனுபவித்து அறியக்கூடியவை. அழுத்தித் தேய்ப்பதும் வெந்நீரும் இறுகிய தசையைத் தளர்த்தும், முழங்கால் பிடிப்பு அன்றைக்குக் கொஞ்சம் இளகும். மூட்டுத் தேய்மானத்தை அது மாற்றாது. முடிக்கு எண்ணெய் ஒரு மேற்பூச்சு. உரசலைக் குறைக்கும், சிக்கு விழாது, நுனி வெடிப்பது குறையும். அறுந்து போவது குறைவதால் முடி நீளமாகத் தெரியும். புது முடி முளைக்க வைக்காது. உடல் சூடு என்று நாம் சொல்வது தெர்மாமீட்டரில் தெரியும் சூடு அல்ல. கண் எரிச்சல், உள்ளங்கால் காந்தல், தூக்கமின்மை, மலச்சிக்கல் எல்லாம் சேர்ந்த ஒரு நிலையைத்தான் அப்படிச் சொல்கிறோம். எண்ணெய் தேய்த்த அன்று வேலை குறைவு, இளஞ்சூடான சாப்பாடு, இரவில் சீக்கிரம் படுக்கை. அந்த நாள் முழுவதுமே அதற்கு மருந்தாக அமைந்துவிடுகிறது.

பொடுகு மட்டும் தனி விஷயம். வறண்ட தலையில் உதிரும் மெல்லிய செதில் எண்ணெயில் அடங்கும். மஞ்சளாக, பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, அடியில் சிவந்து அரிக்கும் பொடுகு வேறு வகை. தோலில் வாழும் ஒரு பூஞ்சைக்கு அதில் பங்கு உண்டு, எண்ணெய்ப்பசைதான் அதற்கு உணவு. அந்தப் பொடுகு உள்ளவர்கள் எண்ணெயை ஊறவைத்தால் அடுத்த வாரம் அரிப்பு கூடியிருக்கும்.

சளி இருக்கும்போது

எண்ணெய் தேய்த்ததால் சளி பிடித்தது என்பார்கள். சளியைக் கொண்டுவருவது கிருமிதான், எண்ணெய் அல்ல. ஆனால் ஏற்கெனவே மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும்போது தேய்த்தால் அவதி கூடுவது உண்மை. நீளமான முடி காய இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் ஈரம் ஆவியாகித் தலையைக் குளிரவைத்துக்கொண்டே இருக்கும். சைனஸ் உள்ளவர்களுக்கு நெற்றியும் கன்னமும் கனத்துவிடும். இதைத்தான் தலையில் நீர் கோத்துக்கொள்வது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இழுப்பு உள்ள குழந்தைகளுக்குக் குளிர்ச்சியே இழுப்பைத் தூண்டிவிடலாம்.

மூக்கில் நீர் ஒழுகுவது, தொண்டை கரகரப்பு, காதடைப்பு, நெஞ்சுச்சளி இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அந்த வாரம் தலைக்கு எண்ணெய் வேண்டாம். உடம்புக்கு மட்டும் வெந்நீரில் குளிக்கலாம். லேசான தும்மல் மட்டும், அதுவும் தினமும் காலையில் தூசிக்கு வரும் தும்மல் என்றால், வெயில் ஏறியபின் பத்து நிமிடம் மட்டும் ஊறவைத்து எடுத்துவிடலாம். மழைநாளில் அதுவும் வேண்டாம்.

காய்ச்சல் இருக்கும்போது

இங்கே சலுகையே கிடையாது. காய்ச்சலில் உடம்பு தன் சூட்டைத் தானே உயர்த்தி வைத்திருக்கிறது. மேலே குளிர்ந்தால் நடுங்கி இன்னும் ஏற்றப் பார்க்கும். சுடுநீர் ஊற்றினாலோ இருக்கும் சூட்டோடு சூடு சேரும். ஏற்கெனவே நீர் வற்றி, சாப்பாடு இறங்காமல் சோர்ந்திருப்பவர் எண்ணெய் வழியும் தரையில் நிற்க வேண்டியிருக்கும். காய்ச்சல்காரருக்கு வியர்வையும் அழுக்கும் தொந்தரவாக இருந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்துவிடுவது போதும்.

குழப்பம் வருவது காய்ச்சல் விட்ட மாதிரி தெரியும் நாளில்தான். என் தங்கையின் ஒன்பது வயதுப் பையனுக்குப் புதன் இரவு காய்ச்சல் தொடங்கியது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் 102 டிகிரி. டாக்டர் கொடுத்த பாரசிட்டமால் போய்க்கொண்டிருந்தது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தங்கை போன் செய்தாள். “அக்கா, இப்ப 98.6தான் இருக்கு. மூணு நாளா தலையெல்லாம் நாறுது. எண்ணெய் வெச்சு ஊத்திவிடட்டுமா? அத்தையும் ஊத்தலாம்ங்கறாங்க.”

“கடைசி மாத்திரை எப்பக் குடுத்த?”

“விடியக்காலம் நாலு மணிக்கு.”

பாரசிட்டமால் நான்கு முதல் ஆறு மணி நேரம் வேலை செய்யும். எட்டு மணிக்குத் தெர்மாமீட்டர் காட்டியது மாத்திரையின் கணக்கு, பையனின் கணக்கு அல்ல. பத்தரை மணி வரை பொறுத்துப் பார்க்கச் சொன்னேன். பத்தரைக்கு 101 காட்டியது. எண்ணெய் வைத்து ஊற்றியிருந்தால், ஈரத்தலையோடு நடுங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தச் சூடு ஏறியிருக்கும்.

ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகு மாத்திரை தேவைப்படவில்லை. திங்கள் மத்தியானம் வரை, மாத்திரை இல்லாமலே ஒரு நாள் முழுக்கச் சூடு ஏறவில்லை. அத்தை மறுபடி கேட்டார். அப்போதும் வேண்டாம் என்றேன். அது ஐப்பசி மழைக்காலம், டெங்கு சுற்றும் மாதம். டெங்குவில் ஆபத்தான கட்டமே காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது, பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். அடுத்த ஒன்றிரண்டு நாட்களில் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும், ரத்த அழுத்தம் இறங்கும். விடாத வாந்தி, வயிற்றுவலி, பல் ஈறில் ரத்தம், துவண்டுபோய்ப் படுத்தே கிடப்பது, சிறுநீர் குறைவது இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சல் விட்டதும் தலைக்கு ஊற்றிவிட்டு, “குளிச்ச அசதியில தூங்குது” என்று குழந்தையை அப்படியே விட்டுவிட்டால் அந்தத் துவளல் நோயின் அறிகுறி என்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடும். எண்ணெய்க் குளியலுக்கு அடுத்து வரும் இயல்பான சோர்வும் அந்த ஆபத்தான சோர்வும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

திங்கள் மாலை டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுப் பயமில்லை என்றார். பையன் புதன்கிழமை தட்டில் சோறு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். அன்று உச்சிவேளையில் எண்ணெய் இல்லாமல், இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஐந்து நிமிடத்தில் தலை அலசி, உடனே துவட்டியாகிவிட்டது. நல்லெண்ணெய் மறுவாரம் சனிக்கிழமைதான், அதுவும் பத்து நிமிடம் மட்டும்.

உங்கள் வீட்டிலும் இந்த வரிசையையே வைத்துக்கொள்ளலாம். மாத்திரை இல்லாமல் இரண்டு நாள் சூடு ஏறாமல் இருக்க வேண்டும், பசி திரும்பியிருக்க வேண்டும், எழுந்து நடந்தால் தலை சுற்றக்கூடாது. அதன்பின் முதலில் வெறும் தலைக்குளியல். அது ஒத்துக்கொண்டால் மறுவாரம் எண்ணெய். டைபாய்டு, நிமோனியா மாதிரி ஆளைப் போட்டுவிடும் நோய் என்றால் டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான். அம்மை போட்டவர்களுக்கு வேப்பிலை மஞ்சள் தண்ணீர் ஊற்றும் வழக்கம் வேறு. கொப்புளம் உலர்ந்து பொருக்கு உதிரும் வரை அந்தத் தோலில் எண்ணெய் தேய்க்கக்கூடாது. புதிதாகத் தையல் போட்ட காயம், சீழ் வைத்த கட்டி இருந்தாலும் அப்படித்தான்.

தீபாவளியன்று காய்ச்சல்காரரை என்ன செய்வது என்பது எல்லா வீட்டிலும் வரும் கேள்வி. கங்கா ஸ்நானம் விடியலுக்கு முன்பு, அதுவும் மழைக்குளிரில். அன்று குளிக்காமல் இருந்தால் தோஷம் என்று பெரியவர்களுக்கு மனசு கேட்காது. அதற்கும் வழக்கத்திலேயே வழி இருக்கிறது. வீட்டில் மூத்தவர், காய்ச்சல்காரரின் உச்சியில் ஒரே ஒரு சொட்டு நல்லெண்ணெய் வைத்து, இரண்டு சொட்டு வெந்நீர் தெளித்து, ஈரத்துணியால் முகம் கைகால் துடைத்து, புதுத்துணியைக் கொடுத்துவிட்டால் சாஸ்திரம் நிறைந்துவிடும். லேகியத்தைக் காரம் தாங்கும் அளவுக்குச் சுண்டைக்காயளவு கொடுக்கலாம், வாந்தி இருந்தால் அதுவும் வேண்டாம். மற்றவர்கள் எல்லாரும் குளித்து முடித்ததும் குளியலறைத் தரையில் சீயக்காய்த்தூளைத் தூவித் தேய்த்து, வெந்நீர் விட்டுக் கழுவிவிடுங்கள். அதன்பிறகுதான் காய்ச்சலில் இருப்பவரை உள்ளே அனுப்ப வேண்டும், அதுவும் கையைப் பிடித்துக்கொண்டு.